ஆண்டு விழா வரவேற்புரை

அனைவருக்கும் மாலை வணக்கம்.

கோத்தகிரியின் இந்தக் குளிரிலும் நேரத்தோடு வந்து பந்தலை நிறைத்திருக்கும் பெற்றோர்களே, வருக வருக! இலை பறித்து எடை போட்டுவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்த அம்மாக்களை வாசலில் பார்த்தேன். முன்வரிசை உங்களுக்குத்தான், வந்து உட்காருங்கள். கொடநாடு பக்கமிருந்து பஸ் பிடித்து வந்த தாத்தா பாட்டிகளுக்குத் தனி வணக்கம்.

தலைமையாசிரியர் அவர்களையும், சிறப்பு விருந்தினர் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களையும், முன்னாள் மாணவர்களையும் அன்போடு வரவேற்கிறேன்.

மழை விட்ட நேரமெல்லாம் பிள்ளைகள் ஒத்திகை பார்த்தார்கள். ஒன்றாம் வகுப்புக் குட்டிகள் திரைக்குப் பின்னால் ஸ்வெட்டரைக் கழற்ற மனமில்லாமல் நிற்கிறார்கள். நீங்கள் கைதட்டினால் குளிர் பறந்துவிடும். சரி, அவர்களுடைய நடனத்தோடு தொடங்குவோம். நன்றி, வணக்கம்.