மீன் குழம்பு பக்குவம் கேட்டு செல்விக்கு

துபாய், சோனாப்பூர்
8-6-2025, ஞாயிறு

அன்புள்ள செல்விக்கு,

நான் நல்ல சுகம். நீயும் பாப்பாவும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் ராத்திரி பேசுகிறோமே, இது என்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். மீன் குழம்பு விஷயம்தான். போனில் எத்தனை தடவை கேட்டாலும் "கண் திட்டமாப் போடுங்க", "கொதி வந்ததும் பார்த்து இறக்குங்க" என்று சொல்கிறாய், எனக்கு அந்தக் கண் திட்டம்தான் தெரியவில்லை. அதுவும் ரூமில் எட்டுப் பேர், ஒருவன் தூங்குவான், ஒருவன் அவன் வீட்டோடு பேசுவான், நடுவில் லைன் வேறு விட்டு விட்டு வரும். நம்ம எட்டயபுரம் கணேசன் பதினொன்றாம் தேதி மதுரை பிளைட்டில் லீவுக்கு வருகிறான், அவனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீ பதிலை விவரமாகக் காகிதத்தில் எழுதி அவனிடமே கொடு. அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வேன்.

பெருநாளுக்கு நான்கு நாள் லீவு விட்டார்கள். வெள்ளிக்கிழமை ஒரு தடவை, இன்றைக்கு ஒரு தடவை, ரெண்டு நாளும் நான்தான் மெஸ்ஸுக்குக் குழம்பு வைத்தேன். நேற்று சாயங்காலம் தேரா பக்கம் வாட்டர்பிரண்ட் மார்க்கெட்டுக்குப் போனோம். விளமீன் கிடைக்கிறது, இங்கே அதற்கு ஷேரி என்று பேர். கண்ணும் செவுளும் பார்த்து, ஒன்றரைக் கிலோவில் ஒரே மீனாக எடுத்து, தலையைத் தனியாகப் பிளந்து வாங்கி வந்தேன். மீனில் குறை சொல்ல முடியாது. இத்தனைக்கும் ஊரில் இப்போது தடைக்காலம், 14-ஆம் தேதி வரை விசைப்படகு போகாது, வள்ளத்து மீன்தான், அதுவும் தீ விலை என்று நீ சொன்னாய். இங்கே மீன் குவிந்து கிடக்கிறது, ருசிதான் வரவில்லை.

என்ன செய்தேன் என்று அப்படியே சொல்கிறேன், எங்கே தப்பு என்று நீயே பார். சட்டியில் எண்ணெய் விட்டு வெந்தயம் போட்டேன், அது சிவந்ததும் வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி எல்லாம் வதக்கினேன். அதிலேயே மிளகாய்த் தூள், மல்லித் தூள், மஞ்சள் போட்டுப் பிரட்டி, புளியைக் கரைத்து ஊற்றினேன். கொதித்ததும் மிக்ஸியில் அரைத்த தேங்காயை விட்டு, அப்புறம் மீன். மலையாளிச் சேட்டன் எட்டிப் பார்த்து நல்ல வாசனை என்றார். சாப்பிட்டவர்களும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். ஆனால் எனக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. புளிப்பு தனியாக நிற்கிறது, காரம் தனியாகத் தொண்டையில் நிற்கிறது, மீன் ஒரு பக்கம் கிடக்கிறது. நீ வைத்தால் எது புளி எது காரம் என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

ராத்திரி படுத்துக்கொண்டு, நீ குழம்பு வைப்பதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பதினோரு வருஷமாகச் சாப்பிட்டிருக்கிறேன், பக்கத்தில் நின்று ஒரு நாளும் முழுசாகப் பார்த்ததில்லை, அதுதான் இப்போது கஷ்டமாக இருக்கிறது. ஞாபகம் இருப்பது இவ்வளவுதான். நீ முதலில் தாளிப்பதில்லை. மண்சட்டியை அடுப்பில் வைக்காமலே புளித்தண்ணீர், தூள், உப்பு எல்லாவற்றையும் போட்டு, தக்காளியைக் கையாலேயே பிசைந்து விடுவாய். தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் அம்மியில் அரைத்து, உள்ளங்கையின் ஓரத்தால் வழித்துப் போட்டுவிட்டு, அம்மி கழுவின தண்ணீரையும் சட்டியிலேயே ஊற்றுவாய். அப்புறம் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாய். சில நாள் தலையை ஆட்டிவிட்டு அடுப்பில் ஏற்றுவாய், சில நாள் உப்பு டப்பாவைத் திறப்பாய்.

நான் முக்கியமாகக் கேட்பது அந்த ஒரு சொட்டைத்தான், செல்வி. அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் அந்தப் பச்சைக் குழம்பு நாக்கில் எப்படி இருக்க வேண்டும்? உப்பு ஒரு கல் தூக்கலாக இருக்க வேண்டுமா, சரியாக இருந்தால் போதுமா? புளிப்பு பல் கூசுகிற அளவா, அதற்குக் கீழேயா? அது தெரிந்துவிட்டால் மற்றதை நான் சரிசெய்துகொள்வேன் என்று தோன்றுகிறது.

அப்புறம் புளி. ஒரு கிலோ மீனுக்கு எலுமிச்சை அளவு என்கிறாய், பெரிய எலுமிச்சையா, நெல்லிக்காய் அளவா? இங்கே கிராசரியில் வாங்குகிற புளி கருப்பாக, பிசுபிசுவென்று இருக்கிறது, நம் வீட்டுப் பழம்புளி மாதிரிதான், ஆனால் புளிப்பு அதிகம். சேட்டன் குடம்புளி போடச் சொல்கிறார். அவர் வைக்கிற மீன் கறி அருமையாக இருக்கும், நான் இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அது அவர் ஊர் ருசி. மாங்காய் கிடைக்கிறது. நீ மாங்காய் போடுகிற நாளில் புளியை எவ்வளவு குறைப்பாய் என்று எழுது.

தேங்காய் எப்போது விட வேண்டும்? முதலிலேயே கூட்டி வைத்தால் கொதிக்கக் கொதிக்கத் திரிந்து போகாதா? நான் கடைசியில் விட்டதால்தான் பச்சை வாசனை அடித்ததோ என்று சந்தேகம். இங்கே அம்மி இல்லை, மிக்ஸிதான், எவ்வளவு அரைத்தாலும் நீ அரைப்பது போல வெண்ணெயாக வருவதில்லை. தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டுமா?

மீனைப் போட்ட பிறகு நீ கரண்டியே விட மாட்டாய், துணியால் சட்டியின் ரெண்டு பக்கமும் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றுவாய். அது ஞாபகம் வந்து இன்றைக்கு அப்படியே செய்தேன், ஒரு துண்டுகூட உடையவில்லை. தலை மட்டும் வேகாமல் எலும்போரம் ரத்தம் தெரிந்தது. தலையை முதலில் போட்டு, எத்தனை கொதிக்கு அப்புறம் துண்டுகளைப் போடுவாய்? இறக்கின பிறகு மூடி வைக்க வேண்டுமா, திறந்து வைக்க வேண்டுமா?

நம் வீட்டில் மறுநாள் காலையில் சட்டியோரம் கெட்டியாக ஒட்டியிருக்கிற குழம்பில் பழைய சோற்றைப் போட்டுப் பிசைந்து, எனக்கு ஒரு உருண்டை, பாப்பாவுக்கு ஒரு உருண்டை என்று கொடுப்பாயே, எனக்கு வேண்டியது அந்த ருசி. இங்கே மறுநாள் சுட வைத்தால் எண்ணெய் மேலே மிதக்கிறது, அடியில் தண்ணீர் நிற்கிறது.

கணேசன் 12-7 அன்று திரும்புகிறான். அவனிடம் நீ காய வைத்துத் திரித்த குழம்புத் தூள் அரைக் கிலோ, நம்ம உப்பளத்துக் கல்லுப்பு கொஞ்சம், ரெண்டையும் ரெட்டைப் பையில் இறுக்கிக் கட்டிக் கொடு. அஞ்சறைப் பெட்டியில் கிடக்கிற, காம்பு வளைந்த அந்தச் சின்ன எவர்சில்வர் கரண்டியையும் கொடுத்துவிடு. நீ அதால்தான் தூள் அள்ளுவாய், அப்போது நீ ரெண்டு கரண்டி என்று எழுதினால் எனக்கும் அது ரெண்டு கரண்டிதான். உனக்கு வேறொன்று வாங்கிக்கொள்.

பதினைந்தாம் தேதியிலிருந்து மத்தியானம் பன்னிரண்டரைக்கு வெளி வேலையை நிறுத்திவிடுவார்கள், மூன்று மணி வரை நிழலில் இருக்கலாம், அதனால் வெயிலை நினைத்துக் கவலைப்படாதே. பாப்பா ஆறாம் வகுப்புப் புதுப் பள்ளிக்கூடத்தில் அழாமல் போகிறாளா? அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றியதா என்று இதிலேயே எழுது, போனில் நீ எல்லாம் சரி என்றுதான் சொல்வாய்.

இப்படிக்கு
உன் அன்புள்ள,
முருகேசன்

இன்னொன்று, கடைசியில் தாளித்துக் கொட்டுவது நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா? அம்மா நல்லெண்ணெய் என்கிறாள், நீ வைக்கும்போது தேங்காய் எண்ணெய் வாசனை வந்த மாதிரி எனக்கு ஞாபகம்.