உரித்து ஆய்வும் சட்ட அபிப்பிராயமும்: உவர்மலை தொடர்மாடி, அலகு 3பி

கடன் முகாமையாளர் அவர்களுக்கு,

திருகோணமலை காணிப் பதிவகத்தில் 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பதிவுகளை நேரில் பார்த்தேன்.

1988இல் 412ஆம் இலக்க உறுதிமூலம் காணியை வாங்கியவர் 2009இல் காலமானார். மரணசாதன வழக்கில் மூன்று பிள்ளைகள் உரித்தாளிகளாயினர். 2014இல் மூவரும் கட்டுநருக்கு விற்றனர். இங்கேதான் நான் அதிக நேரம் செலவிட்டேன்: இலண்டனிலிருந்த மகளுக்காக அற்றோணித் தத்துவகாரர் ஒப்பமிட்டுள்ளார். அந்தத் தத்துவம் முன்பே பதியப்பட்டது, விற்கும் அதிகாரம் தெளிவாக உண்டு. திருப்தி.

1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின் கீழ் கூட்டாதன வரைபடம் 2018இல் பதிவானது. 2019இல் 87ஆம் இலக்க உறுதியால் அலகு இன்றைய விற்பனையாளருக்கு வந்தது.

ஒரு தடை உண்டு. 2019இன் ஈடு தீர்க்கப்பட்டதாக வங்கிக் கடிதம் இருக்கிறது. ஆனால் விடுவிப்பு உறுதி பதியப்படவில்லை. கடிதம் மட்டும் போதாது.

விடுவிப்பைப் பதிந்து, முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் நிலுவையின்மைக் கடிதமும் கிடைத்தால், உரித்து ஈட்டுக்கு ஏற்றது. அதுவரை கடன்பணத்தை விடுவிக்க வேண்டாம். விண்ணப்பதாரியின் முதல் வீடு இது.

சட்டத்தரணியும் நொத்தாரிசும்,
திருகோணமலை