பூட்டிய கதவுக்குள்

(தூத்துக்குடி உப்பளப் பகுதியில் உள்ள ஒரு கிராமச் சபையில், கார்த்திகை மாத ஞாயிறு ஆராதனைக்கு எழுதிய பிரசங்க முன்னுரை. வேதபகுதி: 2 இராஜாக்கள் 4:1-7)

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

மேற்கு ஜன்னல் ஓரம் இருக்கிறவர்கள் மேல் சாரல் அடிக்கிறது. கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள், இடம் இருக்கிறது.

மற்ற ஊர்களில் இந்த மழைக்காக உபவாசம் இருந்து ஜெபிப்பார்கள். நம் ஊரில் பாதி வீடுகளுக்கு மழை என்றால் அளத்தில் வேலை இல்லை என்று அர்த்தம். பாத்தி எல்லாம் தண்ணீர். ஐப்பசியில் நின்ற வேலை மறுபடி சூடுபிடிக்கத் தை, மாசி ஆகிவிடும். அரசாங்கம் தருகிற மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய், மளிகைக்கடைப் பற்றைத் தீர்ப்பதற்கே பத்தாது. அளம் லீவு விடும். பள்ளிக்கூடமும் மழைக்கு லீவு விடும். லீவே விடாத நாள் ஒன்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை.

சொன்னதுமே இந்தப் பக்கம் நாலைந்து பேர் குனிந்துகொண்டீர்கள். யாரையும் சுட்டிச் சொல்ல வரவில்லை, பயப்படவேண்டாம்.

போன செவ்வாய்க்கிழமை பத்தரை மணி இருக்கும். சுகமில்லாத ஒரு பெரியவரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். எந்தத் தெரு என்று சொல்லமாட்டேன். ஒரு வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துப் பத்துப் பன்னிரண்டு பெண்கள். நடுவில் தோளில் பையோடு ஒரு தம்பி. குழு லோன் வசூல். எல்லாரும் கட்டியாயிற்று, ஒருத்தி மட்டும் வரவில்லை. அந்தத் தம்பி சத்தம் போடவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நீங்களே பேசி முடிவெடுத்துட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அந்தப் பணமும் வந்து சேர்ந்தால்தான் மற்றவர்கள் எழுந்து போகமுடியும். வீட்டில் உலை வைத்துவிட்டு வந்தவளும் இருந்தாள், கைப்பிள்ளைக்காரியும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து, "ஸ்தோத்திரம் ஐயா" என்றார்கள். நானும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு நடந்தேன். என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

நாலு வீடு தள்ளி, ஒரு வாசலில் வெளிப்பூட்டு தொங்கியது. உள்ளே குக்கர் விசில் அடித்தது.

வெளியே பூட்டு, உள்ளே ஆள். யாரோ ஒரு பிள்ளை பூட்டிவிட்டுச் சாவியைப் பின்பக்கமாகக் கொடுத்திருக்கவேண்டும். அந்த விசில் சத்தம் திண்ணைவரைக்கும் கேட்டுவிடுமோ என்று அவள் எப்படிப் பதறியிருப்பாள்! அன்றிலிருந்து அந்த விசில் என் காதைவிட்டுப் போகவில்லை. இன்றைக்கு வேறொரு பகுதியைத்தான் பேசுவதாக இருந்தேன், அதை மூடி வைத்துவிட்டேன்.

காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் வசூலுக்காகக் கூப்பிடக்கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி குழுக்கடனுக்கு விதி போட்டிருக்கிறது. நல்ல விதி. அதைவிடப் பழைய விதி நம் கையில் இருக்கிற வேதத்திலேயே இருக்கிறது. உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில், கடன் கொடுத்தவன் அடகு வாங்க வாங்கினவனுடைய வீட்டுக்குள் நுழையக்கூடாது, "வெளியே நிற்பாயாக" என்று எழுதியிருக்கிறது. கடன் வாங்கினவனுக்கும் ஒரு வீட்டுவாசல் உண்டு, அதை மிதிக்காதே என்கிறார் கர்த்தர். ஆனால் கதவைத் தட்டுகிறது நம்மோடு பாயில் உட்கார்ந்த பக்கத்து வீட்டு அக்காவாக இருந்தால் எந்த விதியைக் காட்டுவது? அவள்மேல் என்ன தப்பு? அவளுக்கு அங்கே சோறு குழைகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜெபப் பெட்டியில் நீங்கள் போடுகிற சீட்டுகளை ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்தான் பிரிக்கிறேன். காய்ச்சல் என்று எழுதுகிறீர்கள். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், பரீட்சை, ஆபரேஷன், எல்லாம் வருகிறது. கடன் என்று எழுதின சீட்டை நான் பார்த்து வெகுநாள் ஆகிறது. அதற்குப் பதிலாக "குடும்ப சமாதானத்துக்காக" என்று வரும். பேர் போடாமல் வரும். ஆரம்பத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்துக்கொண்டு ஜெபித்தேன். இப்போது எனக்கு அந்தப் பாஷை புரிகிறது.

வியாதியைச் சொன்னால் ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு பார்க்க வருகிறோம். கடனைச் சொன்னால், அடுத்த வாரம் நம்மிடமே கேட்டுவிடுவாளோ என்று ஒதுங்குகிறோம். அதனால்தான் யாரும் சொல்வதில்லை.

இன்றைய பகுதியில் ஒருத்தி எலிசா தீர்க்கதரிசியிடம் சொல்லிவிடுகிறாள். வாசித்தபோது கவனித்தீர்களா? அவளுக்குப் பேர்கூட எழுதப்படவில்லை. புருஷன் செத்துப்போனான், அவன் கர்த்தருக்குப் பயந்து நடந்தவன், "கடன்கொடுத்தவன்" என் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்திருக்கிறான். மூன்று செய்தியும் ஒரே மூச்சில் வந்துவிழுகிறது. அவள் யார் வீட்டுப் பெண்? தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன் மனைவி. நம் பாஷையில் சொன்னால் ஊழியக்காரன் வீட்டு அம்மா. அந்த வீட்டில் கடன்.

எதற்காக வாங்கின கடன் என்று வேதம் சொல்லவில்லை. அவன் ஒபதியா என்றும், யேசபேலுக்குப் பயந்து குகைகளில் ஒளிந்திருந்த நூறு தீர்க்கதரிசிகளுக்குச் சோறு போடக் கடன் வாங்கினான் என்றும் பழைய யூதர்களிடையே ஒரு பேச்சு உண்டு. இருக்கலாம். ஆனால் எலிசா அதைக் கேட்கவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. "எதுக்கும்மா வாங்குனே? சீட்டுப் போட்டியா? கல்யாணத்துக்கு ஆடம்பரமாச் செலவழிச்சியா?" ஒரு கேள்வி இல்லை. நாம் முதலில் கேட்கிற கேள்வி அதுதான்.

ஊழியக்காரன் வீடு என்றேன். என் வீட்டையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் வளையல் இரண்டு வருஷமாக பேங்கில் இருக்கிறது. மகள் காலேஜ் சேர்ந்தபோது வைத்தது. வருஷா வருஷம் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறோம். கல்யாண வீட்டுக்குப் போகும்போது அவள் கவரிங் வளையல் போட்டுக்கொண்டு வருவதை உங்களில் சிலபேர் கவனித்திருப்பீர்கள். கவரிங்தான்.

அந்த அம்மா வீட்டில் இருந்த ஒரு குடம் எண்ணெய் பெருகி, அதை விற்றுக் கடன் அடைந்தது என்கிற இந்தப் பகுதியைச் சொல்லி எண்ணெய்க் குப்பி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கி வைத்திருந்தால் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், வீணாக்கவேண்டாம். வரும் செவ்வாய்க்கிழமைக்குள் உங்கள் லோன் அடைந்துவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த அதிகாரம் எனக்குக் கிடையாது. நான் உங்களைப் பார்க்கச் சொல்வது, எலிசா அந்த அம்மாவை எங்கே அனுப்புகிறான் என்பதை. ராஜாவிடம் அனுப்பவில்லை. ஊர் பேர் தெரியாத தூர தேசத்துக்கும் அனுப்பவில்லை. அயல்வீட்டுக்காரர் எல்லாரிடத்திலும் போ என்கிறான். எந்த முகங்களுக்குப் பயந்து நாம் பூட்டைத் தொங்கவிடுகிறோமோ, அதே முகங்களிடம். போய்ப் பணம் கேட்கச் சொல்லவில்லை. வெறும் பாத்திரம் கேட்கச் சொல்கிறான். குடம், சட்டி, தூக்குவாளி, எது காலியாக இருக்கிறதோ அது. ஒரு பாத்திரம் கொடுக்க முடியாத வீடு நம் தெருவில் இருக்கிறதா?

பிறகு சொல்கிறான், உள்ளே போய்க் கதவைப் பூட்டு என்று. இங்கேயும் ஒரு பூட்டின கதவு. உள்ளே ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள். ஆனால் இந்தத் தடவை தெரு முழுவதுக்கும் அவள் உள்ளே இருப்பது தெரியும். அவரவர் வீட்டுப் பாத்திரம் அங்கே இருக்கிறதே!

வேதத்தைத் திறந்துகொள்ளுங்கள். 2 இராஜாக்கள் நாலாம் அதிகாரம். முதலில் இரண்டாம் வசனத்தில் இருக்கிற அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவோம்: "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது சொல்."