சீக்கிய சமயம் பற்றிய குழு உரைகள்: சக மாணவர் மதிப்பீட்டுச் செயல்பாடு (ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு)

வரும் வியாழனும் வெள்ளியும் ஐந்து குழுக்கள், குழுவுக்கு எட்டு நிமிடம் வீதம், உரையாற்றும். குரு நானக்கின் வாழ்க்கை, பத்துக் குருமார்களும் கால்சாவும், குரு கிரந்த் சாஹிப், குருத்வாராவும் லங்கரும், ஐந்து சமயச் சின்னங்கள் என்பவை தலைப்புகள். உங்கள் குழு பேசாத வேளையில் நீங்கள் ஒவ்வொருவரும் மதிப்பீட்டாளர். மதிப்பிடப்படுவது உரைதான், சீக்கிய சமயமோ, பேசுபவரின் சொந்தச் சமயமோ அன்று.

உரை நடக்கும்போது குறிப்பு மட்டும் எடுங்கள். முடிந்தபின் மூன்று நிமிடம் பேசாமல் இருந்து, இருபதுக்கு மதிப்பெண்ணும் இரண்டு பின்னூட்ட வாக்கியங்களும் எழுதுங்கள்.

மதிப்பெண்

தகவல் சரியாக இருப்பதற்கு 8. ஆண்டு, பெயர், இடம் ஆகியவற்றைப் பாடநூலோடும் வகுப்பில் கொடுத்த குறிப்போடும் ஒப்பிடுங்கள்: குரு நானக் பிறந்தது 1469; ஐந்தாம் குருவான அர்ஜன் தொகுத்த ஆதி கிரந்தம் அமிர்தசரசின் ஹர்மந்திர் சாஹிபில் வைக்கப்பட்டது 1604; ஆனந்த்பூரில் குரு கோவிந்த் சிங் கால்சாவை நிறுவியது 1699. சீக்கிய சமயத்தைத் தொடங்கியவர் குரு கோவிந்த் சிங் என்று ஒரு குழு சொன்னால், எவ்வளவு அழகாகச் சொன்னாலும் அது பிழையே.

சமயத்தை அதைப் பின்பற்றுவோர் புரிந்துகொள்ளும் விதத்தில் விளக்குவதற்கு 6. இதுதான் கடினமான பகுதி. நீங்கள் கூர்ந்து கேட்க வேண்டியதும் இதையே. லங்கரை ‘ஏழைகளுக்கான இலவசச் சாப்பாடு’ என்று சொல்லி முடித்துவிட்டால் பாதிதான் சொன்னதாகும். சாதியும் செல்வமும் பாராமல் எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்பதே அதன் உட்பொருள். கிர்பானை வெறும் ஆயுதம் என்பதும், ‘இந்து சமயமும் இஸ்லாமும் கலந்த கலவை’ என்று முழுச் சமயத்தையும் ஒரே வரியில் அடக்குவதும் அவ்வாறே குறையுடையவை. நம்பிக்கையை நம்பிக்கையாகவும் வரலாற்றை வரலாறாகவும் பிரித்துச் சொன்னார்களா என்றும் பாருங்கள். ‘குரு கிரந்த் சாஹிபைச் சீக்கியர்கள் என்றும் வாழும் குருவாகப் போற்றுகிறார்கள்’ என்பது சரியான நடை.

விளக்கத்தின் தெளிவுக்கு 4. குரலுக்கும் நேரக் கட்டுப்பாட்டுக்கும் 2. குரல் நடுங்கியதை எழுத வேண்டாம், அது பேசியவருக்கே தெரியும்.

பின்னூட்டத் தொடக்கங்கள்

முதல் வாக்கியம் நிறைவைச் சொல்ல வேண்டும். கீழே உள்ளவற்றில் ஒன்றைக் கொண்டு தொடங்குங்கள்.

- உங்கள் உரையில் எனக்கு மிகத் தெளிவாக விளங்கிய இடம்…
- இதுவரை நான் தவறாக நினைத்திருந்து, உங்கள் உரையால் திருத்திக்கொண்ட கருத்து…
- நீங்கள் காட்டிய சான்றுகளில் மிகப் பொருத்தமானது…

இரண்டாம் வாக்கியம் திருத்தத்தையோ கேள்வியையோ சொல்ல வேண்டும்.

- நான் பாடநூலில் படித்ததோடு பொருந்தாத தகவல்…
- ஒரு சீக்கியர் இந்த உரையைக் கேட்டிருந்தால் இன்னும் விளக்கம் கேட்டிருக்கக்கூடிய பகுதி…
- காரணம் சொல்லாமல் கடந்துபோன செய்தி…
- அடுத்த முறை இதோடு சேர்த்தால் உரை வலுப்பெறும் என்று நான் கருதுவது…

‘நன்றாக இருந்தது’, ‘சூப்பர்’ என்பவற்றுக்கு இடமில்லை. உரையில் வந்த ஒரு சொல்லையோ செய்தியையோ உங்கள் வாக்கியம் சுட்டவில்லையெனில், தாளைத் திருப்பித் தந்துவிடுவேன். சென்ற ஆண்டு மாணவி ஒருவர் எழுதியது போல் எழுதுங்கள்: “நீங்கள் காட்டிய சான்றுகளில் மிகப் பொருத்தமானது, கபீர், ரவிதாஸ், ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் குரு கிரந்த் சாஹிபில் இருப்பதைச் சொன்னது. காரணம் சொல்லாமல் கடந்துபோன செய்தி, 1708க்குப் பிறகு மனிதக் குரு ஏன் இல்லை என்பது. குரு கோவிந்த் சிங் அந்த நூலையே குருவாக அறிவித்ததை அங்கே சேர்த்திருக்கலாம்.” திருத்தம் சொல்லும்போதே விடையும் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

உரைக்குப் பின்

மதிப்பீட்டாளர் பெயரைத் தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். நான் பார்த்தபின் அதை மறைத்து, படியெடுத்துத்தான் குழுவிடம் தருவேன். மதிப்பெண்களின் சராசரி அகமதிப்பீட்டில் சேராது. எனவே நண்பருக்காக உயர்த்தவும் பிணக்குக்காகக் குறைக்கவும் தேவையில்லை. பின்னூட்டம் பெற்ற குழு அதில் ஏற்கத்தக்க ஒன்றையும், ஏற்க முடியாத ஒன்று இருந்தால் அதையும் காரணத்துடன் எழுதி, திருத்திய உரைக் குறிப்போடு அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் பாடவேளையில் ஒப்படைக்க வேண்டும்.