பிச்சாவரம், தண்ணீர் வடிந்த காலை: குரல் பதிவுக்கான எழுத்து

மொத்தம் 5 நிமிடம். என் குரல் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பின்னணி இசை வேண்டாம். துடுப்புச் சத்தமே போதும்.

0:00 – படகுத்துறை, விடியும் நேரம்
குரல் இல்லை. கயிறு அவிழ்கிறது, படகு தரையை உரசி நகர்கிறது, எங்கோ ஒரு மீன்கொத்தி கத்துகிறது. 40 விநாடி அப்படியே ஓடட்டும்.

0:40 – அகன்ற நீர்
குரல்: "ஒரு பக்கம் வெள்ளாறு, மறுபக்கம் கொள்ளிடம். நடுவில் இந்தக் கழி. நாக்கில் வைத்துப் பார்த்தேன்."
(துடுப்பு மூன்று முறை விழுந்த பிறகு)
"உப்பு."

1:10 – சேற்றில் மூச்சுவேர்கள், கிட்டத்தில்
குரல்: "சேற்றில் ஆணி அடித்து வைத்தது போல நிற்கிறதே, அத்தனையும் வேர். சேற்றுக்குள் காற்றே கிடையாது. அதனால் வேர் மேலே எட்டிப் பார்த்து மூச்சு விடுகிறது. தண்ணீர் ஏறிவிட்டால் மூழ்கிவிடும். அதற்குள் மூச்சு வாங்கியாக வேண்டும்."
இனி 35 விநாடி வாய் திறக்க மாட்டேன். சேற்றில் குமிழி உடையும் சத்தம் மைக்கில் நன்றாக விழுந்திருக்கிறது, அதைக் குறைத்துவிடாதே.

2:15 – சுரபுன்னைக் கிளை, நீண்ட பச்சைக் காய்கள்
ஒன்று தண்ணீரில் விழும் சத்தம் முதலில். இரண்டு விநாடி கழித்து,
குரல்: "விழுந்தது காய் இல்லை, கன்று. தாய்மரத்திலேயே முளைத்துவிட்டுத்தான் இறங்குகிறது."

2:45 – நீரில் இறால் தடவும் பெண்கள்
குரல்: "இருளர் பெண்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. விரல்தான் தேடுகிறது. பிடித்த இறால், பல்லில் கடித்திருக்கும் பறிக்குள் போகிறது."
அவர்கள் பேச்சும் சிரிப்பும் கேட்கட்டும். படம் எடுக்கக் கேட்டபோது, "எடுத்துக்கப்பா, ஆனா இறாலை விரட்டிடாத" என்றார்கள். அதையும் வெட்டாதே.

3:40 – ஒடுங்கிய கால்வாய், தலைக்கு மேல் கிளைகள்
படகுக்கார அண்ணனின் குரல் மட்டும்: "தம்பி, அந்தக் கிளையைத் தொடாதீங்க."
நான்கு விநாடி அமைதி.
குரல்: "தில்லை மரம். இதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். நடராசர் கோயிலின் தலமரமும் இதுவே. எத்தனையோ முறை சிதம்பரம் போயிருக்கிறேன். தில்லையை இன்றுதான் பார்க்கிறேன்."

4:25 – சிவந்த தில்லை இலை ஒன்று நீரில் மிதக்கிறது
குரல் இல்லை. துடுப்பு, தண்ணீர், கொக்கின் சிறகடிப்பு. இலை சட்டகத்தை விட்டு வெளியேறும்வரை காத்திரு. 'சப்ஸ்கிரைப் செய்யுங்கள்' எல்லாம் எழுத்தில் மட்டும், அதுவும் இலை போன பிறகு.