கரோல் பாக் விடுதி: இரவுச் சத்தம் பற்றிய உங்கள் விமர்சனத்துக்குப் பதில்

வணக்கம் சார்.

மறுநாள் காலை மகளுக்கு யுபிஎஸ்சி நேர்முகத் தேர்வு, முந்தைய இரவு ஒரு மணி வரை தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. உங்களிடமும் மகளிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்த இரவின் வாடகையை நீங்கள் பணம் கட்டிய கணக்குக்கே திருப்பி அனுப்பியாயிற்று.

சத்தத்தைவிட, ரிசப்ஷனில் "டெல்லியில் இதெல்லாம் சகஜம்" என்று சொன்னார்களே, அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. அந்தப் பையனிடம் பேசிவிட்டேன்.

எதிர்வரிசையில் கல்யாண மண்டபம் இருப்பது உண்மை. நம் மார்கழி மாதிரி இங்கேயும் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை முகூர்த்தம் கிடையாது. அது முடிந்ததும் ஊர்வலம், டோல், பேண்டு எல்லாம் சேர்ந்து வரும். நேர்முகத் தேர்வுகளும் அந்த மாதங்களில்தான். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம் இருக்கிறது. 112-க்குப் போன் செய்தால் பாட்டு நிற்கும். அன்றும் பத்தரைக்கு நின்றுவிட்டது. அதன்பிறகு நீங்கள் கேட்டது பந்தல் பிரித்து இரும்புக் குழாய்களை லாரியில் ஏற்றிய சத்தம். பகலில் சரக்கு லாரிகளுக்குக் கட்டுப்பாடு என்பதால் அந்த வேலை ராத்திரியில்தான் நடக்கும். அதை நிறுத்த என்னால் முடியாது. முடியும் என்று சொன்னால் பொய்.

முடிந்ததைச் செய்திருக்கிறோம். மண்டபத்து மேனேஜரிடம் மாதாமாதம் கல்யாணத் தேதிகளை வாங்குகிறோம். அந்தத் தேதிகளில் முன்பக்க அறை கேட்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முன்பே பதிவு செய்தவர்கள் வேண்டாம் என்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். பின்பக்க அறைகள் இரண்டைத் தேர்வுக்கு வருபவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டோம். சின்ன அறைகள்தான், வெயில் எட்டிப் பார்க்காது, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். ஆனால் மண்டபத்துச் சத்தம் அங்கே அவ்வளவாக வராது. முன்பக்க ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி போட விலை கேட்டிருக்கிறோம், இன்னும் போடவில்லை.

லிஃப்ட் சத்தமும் சேர்ந்துகொண்டது என்று எழுதியிருந்தீர்கள். அது எங்கள் கட்டடத்துக்குள் இருப்பது, சாக்குச் சொல்ல வழியில்லை. மெக்கானிக் வந்து கதவுச் சக்கரத்தை மாற்றிவிட்டார்.

இவ்வளவு கோபத்திலும் காலை இட்லியையும் டிகாஷன் காபியையும் பாராட்டியிருக்கிறீர்கள். சமையல்காரரிடம் வாசித்துக் காட்டினேன், அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

மகள் நல்லபடியாகத் தேர்வாகட்டும். முசூரிக்குப் பயிற்சிக்குப் போகும்போது டெல்லி வழியாக வந்தால், வருவதற்கு முன் ரிசப்ஷனுக்கு ஒரு போன் செய்து பின்பக்க அறை என்று மட்டும் சொல்லுங்கள். அன்று கல்யாணம் இருக்கிறதா இல்லையா என்பதை அப்போதே சொல்லிவிடுவார்கள். ரயில் எத்தனை மணிக்கு என்று சொன்னால் காபியும் அதற்கு முன்னாலேயே தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
விடுதி உரிமையாளர்
கரோல் பாக், புது டெல்லி