பீகாருக்குப் போகும் பங்கு: 15ஆவது நிதிக்குழுவின் வரிப்பகிர்வும் மாநிலங்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வும்

"தெற்கு கட்டுகிறது, வடக்கு வாங்குகிறது" என்பதோடு வரிப்பகிர்வு பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அப்படி வாங்கும் பணம் அங்கே ஒரு ஆளுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, பகிரத்தக்க மத்திய வரிகளில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குத் தர 15ஆவது நிதிக்குழு பரிந்துரைத்தது. அதை மாநிலங்களுக்குள் பிரிக்கும் சூத்திரத்தில் வருமான இடைவெளிக்கு, அதாவது ஒரு மாநிலத்தின் தனிநபர் வருமானம் முன்னணி மாநிலத்தைவிட எவ்வளவு குறைவு என்பதற்கு, 45 சதவீத எடை. மக்கள்தொகைக்கும் பரப்புக்கும் தலா 15, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5, காடுகளுக்கு 10, மாநிலம் தானே வரி திரட்டும் முயற்சிக்கு வெறும் 2.5.

ஒவ்வொரு மாநிலத்தின் வரிப் பங்கையும் 28 மாநிலங்களின் மொத்த மக்கள்தொகையில் (2011) அதன் பங்கால் வகுத்துப் பார்த்தோம். விடை 1 என்றால், அந்த மாநிலத்தில் ஒருவருக்குச் சராசரித் தொகை போகிறது என்று பொருள்.

தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம், மக்கள்தொகையில் சுமார் 6.1. விகிதம் 0.67. கேரளமும் ஏறத்தாழ அதே நிலைதான். ஒருவருக்குச் சராசரியில் மூன்றில் ஒரு பகுதி குறைகிறது; தென் மாநிலங்களின் மனக்குறையில் நியாயம் இருக்கிறது. சரி, பீகார்? அதன் பங்கு 10.058, மக்கள்தொகையில் சுமார் 8.8. விகிதம் 1.14தான். உத்தரப் பிரதேசத்துக்கு 1.06. நாட்டிலேயே தனிநபர் வருமானம் மிகக் குறைந்த பெரிய மாநிலத்துக்கு, சராசரியைவிட ஏழில் ஒரு பங்குதான் கூடுதல். பரப்பும் காடும் எண்ணப்படுவதால் அருணாச்சலப் பிரதேசத்தின் விகிதம் 15ஐத் தொடுகிறது. மலையில் சாலை போடும் செலவு பெரிது என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏழ்மையை ஈடுகட்டும் வேலையை இந்தச் சூத்திரம் பாதிதான் செய்கிறது.

ஏற்றத்தாழ்வைக் கூட்டும் இன்னொரு வழி இந்தச் சூத்திரத்துக்கு வெளியே இருக்கிறது. மத்திய அரசு வரிக்கு மேல் கூடுதலாக வசூலிக்கும் செஸ், சர்சார்ஜ் இரண்டும் மாநிலங்களோடு பிரித்துக்கொள்ளும் பகிர்வுத் தொகுப்பில் சேராது. மத்திய அரசு 100 ரூபாயை (வசூல் செலவு போக) சாதாரண வரியாக வசூலித்தால் பீகாருக்கு 4.12 ரூபாயும் தமிழ்நாட்டுக்கு 1.67 ரூபாயும் போகும். அதையே செஸ்ஸாக வசூலித்தால் இந்த வழியில் இரண்டுக்கும் ஒரு காசு வராது. இழப்பு பீகாருக்கே பெரிது. வருவாயில் பாதிக்கு மேல் மத்திய நிதியை நம்பியிருப்பதால் அதை ஈடுகட்டச் சொந்த வரியும் அங்கே போதாது. செஸ் விஷயத்தில் சென்னையும் பாட்னாவும் ஒரே பக்கம் நிற்க வேண்டியவை.

எனவே, தென் மாநிலங்களின் பங்கை இன்னும் குறைத்துப் பீகாரை உயர்த்துவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. செஸ், சர்சார்ஜ் வருவாய்க்கு மொத்த வரியில் ஓர் உச்சவரம்பு வைத்து, அதைத் தாண்டும் தொகையைப் பகிர்வுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். அப்புறம், பள்ளிக்கும் ஆரம்ப சுகாதாரத்துக்கும் ஒருவருக்கு இவ்வளவு என்று கணக்கிட்ட மானியம் தனியாக வர வேண்டும்.